மொட்டைத் தலையும் வைகாசி வெயிலும்: ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு சன்ஸ்கிரீன் பூசலாமா?

வாசகர் கடிதம்

"மதிப்பிற்குரிய டாக்டர், எங்கள் மகன் தை மாதம் பிறந்தவன். வைகாசியில் அவனுக்கு ஐந்தாம் மாதம். திருச்செந்தூரில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கோவில்பட்டியிலிருந்து உறவினர் இருபது பேர் வேனில் போகிறோம். கடற்கரையில் வெயில் கடுமையாக இருக்குமே என்று எனக்குப் பயம். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் குழந்தைகளுக்கான எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் வாங்கி அனுப்பியிருக்கிறார். மொட்டை போட்டதும் தலை முழுக்க அதைப் பூசிவிடலாமா? சந்தனம் பூசினாலே போதும், குளிர்ச்சியாக இருக்கும், வெயில் ஏறாது என்கிறார் அத்தை. கறுப்புப் பிள்ளைக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்றும் சொல்கிறார். தினமும் காலை ஏழு மணிக்கு எண்ணெய் தேய்த்து இளவெயிலில் காட்டுகிறோம். அதனால் வைட்டமின் டி சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன். நான் செய்வது சரியா? - ஓர் இளம் தாய்."

டாக்டரின் பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் கேட்டிருப்பது சாதாரண வெயில் பற்றிய கேள்வி அல்ல. வளர்ந்தவர்களுக்கு, கழுத்தைத் தவிர்த்துத் தலையை மட்டும் கணக்கிட்டால், அது உடல் பரப்பில் ஏழு சதவீதம் அளவுதான். கைக்குழந்தைக்கோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலைதான். தீக்காயத்துக்குச் சிகிச்சை தரும்போது நாங்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் மருந்தளவையே முடிவு செய்கிறோம். மொட்டை போட்ட அந்த நிமிடத்தில் உங்கள் மகனின் உடலில் இத்தனை பெரிய பகுதி, பிறந்ததிலிருந்து வெயிலே படாத தோலோடு, சவரக்கத்தி உரசிய தோலோடு, கடற்கரையில் திறந்து கிடக்கப்போகிறது.

முதலில் ஒன்று கேட்கிறேன். ஐந்தாம் மாதம்தான் என்று வேண்டிக்கொண்டீர்களா, அல்லது ஒற்றைப்படை மாதம் என்பதுதான் வழக்கமா? ஒற்றைப்படை என்றால் போதும் என்றால், பதினோராம் மாதம் உங்களுக்குக் கார்த்திகையில் வருகிறது. அப்போது வெயில் சாய்ந்து விழும், மேகம் இருக்கும், குழந்தைக்கும் ஒன்பது மாதம் தாண்டியிருக்கும். மழைதான் தொந்தரவு. ஆனால் மழையிலிருந்து குழந்தையைக் காப்பது வைகாசி வெயிலிலிருந்து காப்பதைவிட எளிது. இதைப் பெரியவர்களிடம் பணிவாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டாக்டர் கேட்கச் சொன்னார் என்றே சொல்லுங்கள். வேண்டுதல் வைகாசிக்குத்தான் என்றால் அதையும் பத்திரமாகச் செய்ய வழி இருக்கிறது. விசாகத்தன்று மட்டும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் குழந்தைக்கு நிழலும் கிடைக்காது, காற்றும் கிடைக்காது.

அந்தக் குழாயை இப்போது ஏன் திறக்க வேண்டாம்

நீங்கள் ஐந்தாம் மாதம் என்று சொல்வது நடக்கிற மாதக் கணக்கு. தையில் பிறந்த குழந்தைக்கு வைகாசியில் நிறைந்திருப்பது நான்கு மாதம்தான். சன்ஸ்கிரீன் விஷயத்தில் நாங்கள் பார்ப்பது நிறைந்த ஆறு மாதம். இந்தக் கணக்கு வித்தியாசத்தில் பல தாய்மார்கள் ஒரு மாதம் முன்பே குழாயைத் திறந்துவிடுகிறார்கள்.

ஆறு மாதம் என்ற எல்லை எதற்காக? உங்கள் மகனின் எடை ஆறரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவன் தோலின் பரப்பு ஏறத்தாழ 3,500 சதுர சென்டிமீட்டர். குழாயில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் எண்ணின் பலன் முழுதாகக் கிடைக்க, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும். ஆக, உடல் முழுவதும் பூச 7 கிராம் தேவைப்படும். அவன் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் வருகிறது. அறுபது கிலோ எடையுள்ள நீங்கள் உடல் முழுக்கப் பூசினாலும் ஒரு கிலோவுக்கு அரை கிராம்தான் வரும். அதாவது, அதே மருந்தை உங்களைப்போல் இரண்டு மடங்கு அவன் தாங்க வேண்டும். அவன் தோலோ உங்கள் தோலைவிட மெலிது. உள்ளே போனதைப் பிரித்து வெளியேற்றும் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முழுத் திறனை எட்டவில்லை.

தோல் வழியாக உள்ளே போகுமா என்ற சந்தேகமும் இப்போது இல்லை. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளர்கள் 2019-இல் வளர்ந்தவர்களுக்குப் பூசிப் பார்த்தார்கள். ஆவோபென்சோன், ஆக்ஸிபென்சோன் போன்ற வேதிப்பொருள்கள் முதல் நாளிலேயே இரத்தத்தில் கலந்திருந்தன. அதனால் கெடுதி என்று அவர்கள் சொல்லவில்லை. மேலும் ஆராய வேண்டும் என்றார்கள். வளர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், சோதித்தே பார்க்காத பச்சைக் குழந்தைகள் விஷயத்தில் முன்னெச்சரிக்கைதான் சரி. அதனால்தான் அந்த நாட்டில் விற்கும் குழாய்களில், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்கவும் என்ற வரி இருக்கிறது. 'குழந்தைகளுக்கானது' என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தை நாம் விட்டுவிடுகிறோம்.

இது விதிவிலக்கே இல்லாத தடை அல்ல. நிழலும் துணியும் எட்டாத கட்டாயம் வந்தால், கன்னம், மூக்கு நுனி, புறங்கை போன்ற சின்ன இடங்களில் மட்டும் மெல்லிதாகப் பூசலாம் என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் அறிவுரையும் இதுதான். பட்டாணி அளவு போதும். அதுவும் ஜிங்க் ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு மட்டுமே உள்ள தாதுவகைக் களிம்பாக இருக்க வேண்டும். இவை பெரும்பாலும் தோலின் மேலேயே தங்கி வெயிலைத் தடுக்கின்றன. நிழலுக்கு வந்ததும் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். புறங்கையில் பூசினால் அது நேராக வாய்க்குப் போகும் என்பதால், கைக்கு முழுக்கைச் சட்டையை இழுத்துவிடுவதே நல்லது.

மொட்டைத் தலையில் மட்டும் வேண்டவே வேண்டாம். எவ்வளவு கைதேர்ந்தவர் மழித்தாலும் பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுப் போகும். கீறிய தோலில் களிம்பு எரியும். உள்ளே போகும் அளவும் கூடும்.

சந்தனம் தொப்பி ஆகாது

உங்கள் அத்தை சொல்வதில் பாதி உண்மை. அரைத்த சந்தனத்தில் உள்ள ஈரம் ஆவியாகும்போது தலை குளிர்கிறது. ஆனால் குளிர்ச்சி வேறு, வெயிலைத் தடுப்பது வேறு. தோலைச் சுடுவது புற ஊதாக் கதிர். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, சூடாகவும் உணர முடியாது. மேகமூட்டத்தில், கடல் காற்று சிலுசிலுவென்று வீசும்போதும் அது விழுந்துகொண்டுதான் இருக்கும். சந்தனப் பூச்சு காய்ந்ததும் வெடிக்கிறது, பொலபொலவென்று உதிர்கிறது. எங்கே உதிர்ந்ததோ அங்கே தோல் திறந்து கிடக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழு மாதக் குழந்தை ஒன்றை மொட்டை போட்ட அன்று மாலை என்னிடம் கொண்டுவந்தார்கள். விடாமல் அழுகிறான், தலையைத் தொட விடமாட்டேன் என்கிறான் என்றார்கள். தலையில் சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. குளிர்ந்த நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். மாநிறக் குழந்தை, சிவப்பு என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உச்சந்தலையில் புறங்கையை வைத்தபோது, காதுக்குப் பின்னால் இருப்பதைவிடத் தோல் நன்றாகச் சுட்டது. நெற்றி வழவழவென்று வீங்கி, கண் இமையும் லேசாகக் கனத்திருந்தது. மறுநாள் காலை உச்சியில் இரண்டு கொப்புளங்கள். தாயும் தகப்பனும் அக்கறையில்லாதவர்கள் அல்லர். சந்தனம் பூசியிருக்கிறோமே என்ற நம்பிக்கையில் தொப்பி போடாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

கறுப்புப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்ற பேச்சுக்கும் அந்தக் குழந்தையே பதில். நம் தோலின் கருமை ஓரளவு காக்கிறது என்பது உண்மை. ஆனால் கைக்குழந்தையின் தோலில் அந்த நிறமி இன்னும் முழுமையாகச் சேர்ந்திருக்காது. கருந்தோலில் சிவப்புத் தெரியாததால் நாமும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறோம்.

அத்தையின் மனம் நோக வேண்டாம். குளிப்பாட்டிய பிறகு, நிழலில், கீறல் இல்லாத இடத்தில் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்து, அதன் மேல் தொப்பியைப் போட்டுவிடுங்கள். கடையில் விற்கும் பொடி வேண்டாம். கல்லில் உரைத்ததாக இருக்கட்டும்.

நிழலை அளக்கும் விதம்

குடை பிடித்தால் நிழல்தானே என்று நினைக்கிறோம். புற ஊதாக் கதிர் சூரியனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை. தோலை அதிகம் சுடும் கதிர்களில் பெரும்பகுதி காற்றில் சிதறி, வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. காய்ந்த கடல் மணல் தன்மேல் விழுவதில் ஏறத்தாழ 15 சதவீதத்தையும், அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். குடைக்குக் கீழே மடியில் படுத்திருக்கும் குழந்தைக்குப் பக்கவாட்டிலும் கீழிருந்தும் வெயில் படுகிறது.

நான் தாய்மார்களுக்குச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. குழந்தையின் முகம் இருக்கும் இடத்தில் உங்கள் முகத்தை வைத்து மேலே பாருங்கள். வானம் எவ்வளவு தெரிகிறது? நிறையத் தெரிந்தால் அது நிழல்போலத் தோன்றும் வெயில். தென்னை மரத்தடியிலும் சாமியானா ஓரத்திலும் வானம் தெரியும். அடர்ந்த வேப்ப மரத்தடியில் குறைவாகத் தெரியும். கோயிலின் கல் மண்டபத்துக்குள் நாலு தூண் தள்ளிப் போய் உட்கார்ந்தால் அறவே தெரியாது. திருச்செந்தூரில் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சன்ஸ்கிரீன் அந்த மண்டபம்தான்.

வெயிலின் கடுமையை அறிய, வானிலைச் செயலியில் UV Index என்ற எண்ணைப் பாருங்கள். 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 11-உம் அதற்கு மேலும் மிகக் கடுமை. நம் தென்கோடியில் வைகாசி மாதம் வானம் தெளிந்திருந்தால் காலை எட்டரை மணி வாக்கிலேயே 3 வந்துவிடும். நண்பகலில் 11-ஐயும் தொடும். கைப்பேசி இல்லாவிட்டால் உங்கள் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைவிட அது குட்டையாகிவிட்டால் குழந்தை வெளியே இருக்கக் கூடாது.

தொப்பியும் துணியும்

தொப்பியை முன்கூட்டியே வாங்கி, ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பழக்குங்கள். அன்று காலை புதிதாகப் போட்டால் ஐந்து நிமிடத்தில் பிடுங்கி எறிந்துவிடுவான். சுற்றிலும் விளிம்பு உள்ள மெல்லிய பருத்தித் தொப்பி வேண்டும். காதும் பிடரியும் அதன் நிழலுக்குள் வர வேண்டும். முன்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பியில் காது திறந்திருக்கும். காது குத்திய இடம் அன்று வேறு புண்ணாக இருக்கும். கம்பளிக் குல்லாய் கூடவே கூடாது. தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டும் நாடா கழுத்தை நெரிக்கலாம். மொட்டைக்குப் பின் தொப்பி சற்றுத் தொளதொளக்கும் என்பதால் கூட ஒன்றைச் சிறிய அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வெயிலும் அதே வழியாக உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த, தொளதொளப்பான, முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் போதும்; ஒரே அடுக்கு. பட்டுச் சட்டை படம் எடுக்க மட்டும் ஐந்து நிமிடம் இருக்கட்டும். ஜரிகை உறுத்தும், வியர்வையும் வெளியேறாது.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குப் பயந்து குழந்தையைத் துண்டால் முழுக்க மூடக் கூடாது. சிட்னியில் 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தை வண்டியை உலர்ந்த மெல்லிய துணியால் மூடியபோது உள்ளே வெப்பம் இரண்டரை டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடியது. துணியை நனைத்து மூடியபோது குறைந்தது. ஆனால் ஈரத்துணி குளிர்விப்பது காற்று உலர்ந்திருக்கும்போதுதான். திருச்செந்தூர்க் கடற்காற்றில் ஈரம் கெட்டியாக இருக்கும். அந்தப் பலனை அதிகம் நம்ப முடியாது. முந்தானையை முகத்தின் மேல் போர்த்தாமல், ஒரு கையால் கூடாரம்போல் தூக்கிப் பிடியுங்கள். அவன் முகம் எப்போதும் உங்கள் கண்ணில் படட்டும். இந்த வயதில் வெயில் சுடுவதைவிட, உடல் சூடேறுவதுதான் விரைவாக ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

அன்றைய காலைப்பொழுது

எனக்குத் தெரிந்தவரை, மொட்டை போடும் இடத்தில் யாரும் தவறு செய்வதில்லை. விடிந்தும் விடியாமலும் அது முடிந்துவிடுகிறது. தவறு நடப்பது தரிசனம் முடிந்து வெளியே வரும்போது. மணி பத்தோ பதினொன்றோ ஆகியிருக்கும். காலில் செருப்பு இருக்காது, தரை சுடும், வேன் எங்கோ நிற்கும், உறவினரில் பாதிப் பேர் கடையில் இருப்பார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் வெட்டவெளியில் நிற்பார்கள்.

அதனால் முடிந்தால் முந்தின நாள் மாலையே போய் அறை எடுத்துத் தங்குங்கள். சூரியன் உதித்த அரை மணி நேரத்துக்குள் மழித்துவிட வேண்டும். உங்கள் கண் முன்னால் புதுப் பிளேடு பிரிக்கச் சொல்லுங்கள். கடலில் குழந்தையை முக்க வேண்டாம், நாழிக்கிணற்றுக் கூட்டத்துக்குள்ளும் கொண்டுபோக வேண்டாம். கையில் அள்ளிய நீரை அவன் பாதத்தில் தெளித்தால் போதும் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வார்கள். அறைக்கு வந்து வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தொப்பியோடு தரிசனத்துக்குப் போங்கள். வெளியே வரும்போது எட்டரை தாண்டியிருந்தால் நீங்களும் குழந்தையும் மண்டபத்திலேயே உட்கார்ந்திருங்கள். ஒருவர் போய் வேனைக் கொண்டுவந்து, கதவையெல்லாம் திறந்துவைத்துச் சூட்டை வெளியேற்றி, பிறகு உங்களைக் கூப்பிடட்டும். வேனின் பக்கக் கண்ணாடி எல்லாக் கதிரையும் தடுக்காது என்பதால் வெயில் விழாத பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். இன்னும் நல்லது, அறையிலேயே இருந்துவிட்டு மாலை நாலு மணிக்குப் பிறகு கிளம்புவது. இருபது பேரின் வசதிக்காக அவசரப்பட வேண்டாம். அன்றைக்கு விசேஷம் உங்கள் மகனுக்குத்தான்.

வழி நெடுக அவன் கேட்காவிட்டாலும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருங்கள். தண்ணீர், இளநீர், குளுக்கோஸ் தண்ணீர் எதுவும் ஆறு மாதம்வரை வேண்டாம். நீங்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் ஒன்று இருக்கிறது. முடி முளைத்துத் தலையை மூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை வாசலுக்கு வந்தாலும் தொப்பி வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இளவெயிலும் சொட்டு மருந்தும்

இங்கேதான் உங்களை நான் திருத்த வேண்டியிருக்கிறது. தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது புற ஊதா பி வகைக் கதிர். காலை ஏழு மணிக்குச் சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதற்குள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. இளவெயில் சுடாததற்கும் அதுதான் காரணம், வைட்டமின் டி அதிகம் தராததற்கும் அதுதான் காரணம். வைட்டமின் டி தரும் வெயில், தோலைச் சுடும் அதே வெயில்தான். இரண்டையும் பிரித்து எடுக்க முடியாது. அதற்காகப் பச்சைக் குழந்தையை உச்சி வெயிலில் காட்டவும் முடியாது.

தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது, வைட்டமின் டி மட்டும் போதுமான அளவு இல்லை. ஆகவே பிறந்த சில நாளிலிருந்து ஒரு வயதுவரை தினமும் 400 யூனிட் கொடுக்கச் சொல்கிறோம். இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள். பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில மருந்துகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 400 யூனிட், சிலவற்றில் 800 யூனிட் இருக்கும். 800 என்றால் அரை மில்லிலிட்டர்தான் கொடுக்க வேண்டும். உங்கள் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் வாரம் ஒருமுறை சாப்பிடும் 60,000 யூனிட் மருந்து இருந்தால் அதைத் தனியே பூட்டி வையுங்கள்.

இளவெயில் பழக்கத்தை நிறுத்த வேண்டிய அவசியமில்லை. ஏழு மணிக்குப் பத்து நிமிடம் பாட்டி மடியில் கிடப்பது அவனுக்கும் சுகம், அத்தைக்கும் சுகம். அதை எட்டு, எட்டரை என்று தள்ளிப்போட வேண்டாம். எண்ணெய் தேய்த்த உடம்பு வெயிலைத் தாங்கும் என்றும் நினைக்க வேண்டாம். எண்ணெய் வெயிலைத் தடுப்பதில்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

வெயில் சுட்டது உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, மறுநாள்தான் உச்சத்துக்கு வரும். எனவே அன்று மாலையும் மறுநாள் காலையும் தலை, நெற்றி, காது மடல், பிடரியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டாலோ, வீங்கினாலோ, தொட்டால் அழுதாலோ, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை என்பதால் சிறியதென்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியை ஒற்றியெடுங்கள். ஐஸ், எண்ணெய், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

உடல் சூடேறிய அறிகுறிகள் வேறு. குழந்தை துவண்டு கிடப்பது, பால் குடிக்க எழுப்பினாலும் எழாதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது, உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். மொட்டைத் தலையில் உச்சிக்குழி நன்றாகத் தெரியும். புறப்படும் முன் வீட்டிலேயே, குழந்தை அமைதியாக உங்கள் தோளில் நிமிர்ந்திருக்கும்போது அதைத் தடவிப் பழகிக்கொள்ளுங்கள். வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மாற்றம் கைக்குப் புலப்படும்.

நாத்தனார் அனுப்பிய குழாய் வீணாகாது. பின்பக்கம் பாருங்கள். ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு இரண்டில் ஒன்றோ இரண்டுமோ மட்டும் வெயில் தடுக்கும் பொருளாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேதிப்பொருள் கலந்திருந்தால், கொசு விரட்டி சேர்ந்திருந்தால், அல்லது தெளிக்கும் வகை என்றால் குழந்தைக்கு வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தலாம். வேனில் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும், அலமாரியில் வையுங்கள். ஆடியில் மகனுக்கு ஆறு மாதம் நிறைந்த பிறகு, அவன் முழங்கை உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். தடிப்போ அரிப்போ இல்லை என்றால், துணி மூடாத இடங்களில் மட்டும் வெளியே போகும்முன் பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்தாலும் நனைந்தாலும் மறுபடி பூச வேண்டும். அப்போதும் முதலில் நிழல், அடுத்து தொப்பி, அதற்கு அடுத்ததுதான் குழாய்.